அறுவடையில் விற்காமல் கிடங்கில் வைத்தால் கையில் என்ன நிற்கும்?

கேள்வி: அறுவடை சமயத்தில் விலை அடிமட்டத்துக்குப் போகிறது. நாலைந்து மாதம் கழித்து அதே மக்காச்சோளம் நல்ல விலைக்குப் போகிறது. கிடங்கில் வைத்து ரசீது வாங்கி, அதை ஈடு காட்டிக் கடன் எடுத்து, விலை ஏறினதும் விற்றால் நிஜமாகவே கையில் ஏதாவது நிற்குமா? இல்லை, வட்டியும் வாடகையுமே அதைத் தின்றுவிடுமா?

நிற்கும். ஆனால் விலை ஏறினாலே லாபம் என்று நினைத்துக் கிடங்குக்குப் போனால் ஏமாந்துபோவீர்கள். எவ்வளவு ஏறினால் நமக்குக் கட்டுப்படியாகும் என்று ஒரு விலை இருக்கிறது. மூட்டையை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே அந்த விலையைக் கணக்குப் போட்டுவிடலாம். பெரும்பாலும் யாரும் போடுவதில்லை. வட்டியையும் வாடகையையும் மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எடைக்குறைவும், கடனாகக் கிடைக்காமல் கிடங்கிலேயே முடங்கிக் கிடக்கும் பணமும் கணக்கில் வருவதே இல்லை.

முதலில் நடைமுறை. வண்டி கிடங்குக்குள் நுழைந்ததும் எடைமேடையில் ஏறும். இறக்கியபின் வெறும் வண்டியை மறுபடி நிறுத்துவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் சரக்கின் எடை. இறக்கும்போதே பல மூட்டைகளில் கூரான குழாயைக் குத்திச் சாம்பிள் எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஈரப்பதம், உடைந்த மணி, தூசி, பூச்சி அரித்த மணி ஆகியவற்றைப் பார்த்துத் தரம் போடுவார்கள். ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்ல கிடங்குக்காரர் திருப்பி அனுப்புவார், அல்லது காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார். தேறிய சரக்கைத் தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கி, அடுக்குக்கு ஒரு எண் கொடுத்து அட்டை தொங்கவிடுவார்கள். அதன் பிறகுதான் ரசீது.

ரசீதில் எடை, தரம், ஈரப்பதம், அடுக்கு எண், உள்ளே வந்த தேதி, எந்தத் தேதிவரை அந்தத் தரம் தாங்கும் என்ற கெடு, வாடகை விகிதம், காப்பீட்டு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். ரசீதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உங்கள் பெயருக்கு மட்டும்தான் சரக்கைத் தருவார்கள். மற்றது கைமாற்றத்தக்கது, நீங்கள் அதை இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்தால் சரக்கு அவருடையதாகிவிடும், மூட்டை இடம் மாற வேண்டியதில்லை. வங்கிகள் விரும்புவது இந்த இரண்டாவதைத்தான். கடன் கட்டாமல் போனால் ரசீதை விற்றாலே போதும், வழக்குப் போட்டு அலைய வேண்டாம் என்ற தைரியம் அதில் இருக்கிறது. அமெரிக்காவில் இதற்கான மத்தியச் சட்டம் 1916-லேயே வந்துவிட்டது. இந்தியாவில் 2007-ல் இயற்றிய சட்டம் 2010-ல் நடைமுறைக்கு வந்தது. இப்போது அங்கே அந்த ரசீதுகள் காகிதத்தில் இல்லாமல் மின்னணுப் பதிவாகவே இருக்கின்றன. கடன் கொடுத்ததும் வங்கி அந்தப் பதிவில் தன் உரிமையைக் குறித்துவிடும். கடன் தீரும்வரை கிடங்குக்காரர் உங்களுக்கே ஒரு மூட்டை கூடத் தரமாட்டார், தரக்கூடாது.

இனி கணக்கு. எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் பொருந்தும்படி, அறுவடை நேரத்து விலை மூட்டைக்கு 100 என்று வைத்துக்கொள்கிறேன். உங்களிடம் 100 கிலோ மூட்டைகள் 100. ஈரப்பதம் 15 சதவீதம். களத்திலேயே விற்றால் கைக்கு 10,000. இந்த 10,000-தான் அளவுகோல். காத்திருந்து கிடைப்பது எதுவானாலும் இதோடுதான் ஒப்பிட வேண்டும்.

கிடங்குக்குப் போக வேண்டுமானால் 13 சதவீதத்துக்குக் காயவைக்க வேண்டும். இங்கேதான் முதல் இழப்பு. 15 சதவீத ஈரத்தில் 100 கிலோவுக்கு 85 கிலோதான் காய்ந்த பொருள், மீதி தண்ணீர். 13 சதவீதத்தில் அதே 85 கிலோ, மொத்த எடையில் 87 சதவீதமாக இருக்கும். 85-ஐ 0.87-ஆல் வகுத்தால் 97.7 கிலோ. தூற்றிச் சலித்துத் தூசி போனால் 97. ஆக, கிடங்கு வாசலில் உங்களிடம் இருப்பது 97 மூட்டை. யாரும் திருடவில்லை, தண்ணீரும் தூசியும் போனதுதான். ஆனாலும் மூன்று மூட்டை விலை போய்விட்டது. வாங்குபவர் காய்ந்த சரக்குக்குக் கூடுதல் விலை தருவாரானால் இதில் ஒரு பங்கு திரும்பிவரும்; தராத சந்தையில் முழுதும் உங்கள் கணக்குதான்.

காயவைக்க, ஏற்ற, இறக்க, வண்டிக்கு எல்லாம் சேர்த்து 200. சாம்பிள் பரிசோதனை, கடன் பத்திரச் செலவு 100. வாடகை, காப்பீடு, பூச்சி மருந்து எல்லாம் சேர்த்து மூட்டைக்கு மாதம் 1. அதாவது மாதம் 97. வங்கி, சரக்கின் மதிப்பில் 70 சதவீதம் கடன் தருகிறது. 97 மூட்டையின் மதிப்பு 9,700, கடன் 6,790. வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மாதம் 68. இவை எல்லாம் நான் எடுத்துக்கொண்ட அளவுகள்தான்; உங்கள் கிடங்கும் வங்கியும் சொல்லும் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கின் ஓட்டம் மாறாது.

ஐந்து மாதம் வைத்தால் வாடகை 485, வட்டி 340, மேலே சொன்ன 200, 100, மொத்தம் 1,125. ஐந்து மாதத்தில் சிந்துதல், வண்டு, கூடுதல் காய்ச்சல் என்று இன்னொரு மூட்டை போகும். விற்கக் கிடைப்பது 96. அந்த 96 மூட்டையை விற்று 1,125 போக 10,000 நிற்க வேண்டுமானால், விற்பனை 11,125 ஆக வேண்டும். 96-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 116. விலை 100-லிருந்து 116-க்கு ஏறினாலும் உங்களுக்கு ஒரு காசு லாபம் இல்லை. அறுவடையில் விற்றவரும் நீங்களும் ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

இந்த 16-ஐ உடைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். சரக்கு கிடங்குக்குள் நுழைந்த நாளிலேயே, ஒரு மாதம்கூட ஆகாமலே, கட்டுப்படியாகும் விலை 106-க்குப் போய்விடுகிறது. 10,300-ஐ 97-ஆல் வகுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு மாதத்துக்குச் சுமார் 2 ஏறுகிறது, அவ்வளவுதான். ஆகவே ஒரு மாதம் மட்டும் வைத்து விற்பது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு. நுழைவுச் செலவு முழுவதையும் கட்டிவிட்டு அதற்கு ஈடான விலையேற்றத்துக்குக் காத்திருக்காமல் வெளியே வருகிறீர்கள். வைத்தால் மூன்று மாதமாவது வைக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

கணக்கு இத்தோடு முடியவில்லை. களத்தில் விற்றிருந்தால் உடனே 10,000 கையில் இருந்திருக்கும். இப்போது கடன் 6,790-இல் செலவு 300 போக 6,490 இருக்கிறது. 3,510 குறைகிறது. அந்தப் பணம் உங்களுக்கு உடனடியாகத் தேவையில்லை என்றால் கவலையில்லை. ஆனால் விதைக்கும் உரத்துக்கும் வெளியில் மாதம் 3 சதவீத வட்டிக்கு வாங்கியிருந்து, அறுவடையில் அடைப்பதாகச் சொல்லியிருந்தால்? அடைக்க முடியாத அந்த 3,510-க்கு மாதம் 105 வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து மாதத்தில் 526. இதையும் சேர்த்தால் கட்டுப்படியாகும் விலை 121-க்கு மேல் போய்விடுகிறது. ரசீதுக் கடன் மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள் பலர், அதன் பக்கத்திலேயே ஓடும் இந்தக் கந்துவட்டியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

விலை நிஜமாகவே 130-க்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 96 மூட்டைக்கு 12,480. செலவு 1,125 போக 11,355. வெளிக்கடன் இல்லாதவருக்கு 1,355 மிச்சம். வெளிக்கடன் உள்ளவருக்கு 829. சந்தை விலை 30 சதவீதம் ஏறியது, இவர் கையில் நிற்பது 8 சதவீதம். மாறாக விலை 110-இல் நின்றுவிட்டால், ஏறின விலைக்கு விற்றும் முதலாமவருக்கு 565 நஷ்டம். விலையும் ஏறி நஷ்டமும் வருவது எப்படி என்று குழம்புகிறவர்களை இந்தத் தொழிலில் நிறையப் பார்க்கலாம்.

ஆகவே கேட்க வேண்டியது விலை ஏறுமா என்பதல்ல, கட்டுப்படியாகும் விலையைத் தாண்டுமா என்பது. வருங்காலம் யாருக்கும் தெரியாது. ஆனால் கடந்த காலம் ஏட்டில் இருக்கிறது. உங்கள் சந்தையின் கடந்த பத்து வருட விலையை எடுங்கள். ஒவ்வொரு வருடமும் அறுவடை மாத விலையால் ஐந்தாம் மாத விலையை வகுத்து எழுதுங்கள். எத்தனை வருடம் 1.16-க்கு மேல், எத்தனை வருடம் 1.21-க்கு மேல்? மூன்றாம் மாதத்துக்கும் அதேபோல் எழுதுங்கள். அதற்கு எல்லை 1.12. பத்தில் ஏழெட்டு வருடம் தாண்டியிருந்தால் யோசிக்கலாம். பாதிக்குப் பாதி என்றால் நீங்கள் சேமிக்கவில்லை, சூதாடுகிறீர்கள். சராசரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு பஞ்ச வருடத்தில் விலை இரட்டித்திருந்தால் சராசரி அழகாகத்தான் இருக்கும்.

விலை ஏறுவது தானாக நடக்கும் இயற்கை விதி அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். அறுவடையில் எல்லாரும் ஒரே சமயத்தில் பணத்துக்காக விற்பதால்தான் அது விழுகிறது. பிறகு சரக்குக் குறையக் குறைய ஏறுகிறது. கிடங்கும் மலிவான கடனும் எல்லாருக்கும் கிடைக்கும் இடத்தில், பலர் வைத்திருப்பார்கள், அறுவடை விலை அவ்வளவு விழாது, பின்னால் ஏறுவதும் வைத்திருக்கும் செலவின் அளவுக்கு மேல் பெரிதாகப் போகாது. மேற்குக் கென்யாவில் மக்காச்சோள விவசாயிகளுக்கு அறுவடை நேரத்தில் கடன் கொடுத்து, சரக்கை வைத்திருக்க விட்டு ஒரு ஆய்வு நடந்தது. முடிவுகள் 2019-ல் வெளியாயின. கடன் வாங்கியவர்கள் தாமதமாக விற்று லாபம் பார்த்தார்கள். ஆனால் ஒரே வட்டாரத்தில் நிறையப் பேருக்குக் கடன் கொடுத்த இடங்களில் உள்ளூர்ச் சந்தை விலையின் ஏற்ற இறக்கமே தணிந்துவிட்டது. கடன் வாங்கியவர்களின் தனி லாபம் சுருங்கியது; கடன் வாங்காதவர்களுக்கு அதனால் நன்மை. எனக்கு இந்த ஆய்வு பிடிக்கும், ஏனென்றால் திட்டம் வெற்றி பெறும்போதே அதில் சேர்ந்தவருக்கு லாபம் குறையும் என்பதை அது மறைக்கவில்லை. உங்கள் ஊரில் புதிதாக நாலு கிடங்கு வந்து எல்லாரும் வைக்க ஆரம்பித்தால், போன வருடங்களின் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். அரசு இருப்பைச் சந்தைக்கு விடுவது, இறக்குமதி வரியைக் குறைப்பது, இடையில் இன்னொரு போக அறுவடை வருவது ஆகியவையும் விலையை நடுவழியில் நிறுத்திவிடும்.

அடுத்து, பலர் படிக்காமல் கையெழுத்துப் போடும் ஒரு நிபந்தனை. கடன், சரக்கின் மதிப்பில் இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கடன் பத்திரத்தில் இருக்கும். 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் மாத முடிவில் வட்டியோடு உங்கள் பாக்கி 6,926. அது 75 சதவீதத்துக்குள் அடங்க வேண்டுமானால் சரக்கின் மதிப்பு 9,235 இருக்க வேண்டும்; மூட்டைக்குச் சுமார் 95. விலை 100-லிருந்து 95-க்குக் கீழே போனாலே வங்கியிலிருந்து போன் வரும். 90-க்கு விழுந்தால் சரக்கின் மதிப்பு 8,730, அதில் 75 சதவீதம் 6,548; வித்தியாசம் 378-ஐக் கொண்டுவந்து கட்டு, இல்லாவிட்டால் சரக்கை விற்றுவிடுவோம் என்பார்கள். அறுவடை முடிந்த முதல் சில வாரங்களில் விலை இன்னும் கொஞ்சம் விழுவது சாதாரணம். அந்த நேரத்தில் கையில் காசில்லாமல், வருடத்தின் மிகக் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தால், கிடங்குச் செலவும் செய்து அறுவடை விலையைவிடக் குறைவாக விற்ற கதையாகிவிடும்.

இதற்கு மருந்து, கிடைக்கும் கடன் முழுவதையும் எடுக்காமல் இருப்பதுதான். 70 சதவீதத்துக்குப் பதில் 50 சதவீதம், அதாவது 4,850 எடுத்தால், இரண்டாம் மாத முடிவில் விலை 68-க்கு விழும்வரை வங்கி உங்களைத் தேடாது. ஆனால் குறைவாக எடுத்தால் கையில் பணம் இன்னும் குறையும், வெளிக்கடன் இன்னும் அதிகம் நிற்கும். ஆகவே எல்லாச் சரக்கையும் வைக்காதீர்கள். நூறு மூட்டையில் நாற்பதை அறுவடையிலேயே விற்று அதிக வட்டிக் கடனை முதலில் அடைத்துவிட்டு, அறுபதை மட்டும் வைத்து அதன்மேல் பாதியளவு கடன் எடுப்பது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். மாதம் 3 சதவீத வட்டியை அடைப்பது, ஐந்து மாதத்தில் 15 சதவீதம் நிச்சயமாகச் சம்பாதிப்பதற்குச் சமம். கிடங்கில் கிடக்கும் எந்த மூட்டையும் அந்த நிச்சயத்தைத் தராது.

அந்த அறுபதுக்கும் ஒரே ரசீது வாங்காமல், இருபது இருபதாக மூன்று ரசீது கேளுங்கள். சிறிய விஷயம், ஆனால் பின்னால் பெரிதாக உதவும். மூன்றாம் மாதம் விலை 118-க்கு வந்தால் ஒரு ரசீதை விற்று அதன் கடனை மட்டும் முடிக்கலாம். மற்றவை அப்படியே இருக்கும். ஒரே ரசீதாக இருந்தால், சில வங்கிகள் முழுக் கடனையும் கட்டினால்தான் சரக்கை விடுவிப்போம் என்பார்கள். மின்னணுப் பதிவு உள்ள இடங்களில் ரசீதைப் பிரித்துக்கொள்ள முடியும் என்றாலும், ஆரம்பத்திலேயே பிரித்து வாங்குவது வம்பில்லாதது.

இவ்வளவு கணக்கும் நிற்பது ஒரே நம்பிக்கையின் மேல்: ரசீதில் எழுதியிருக்கும் சரக்கு, எழுதியிருக்கும் தரத்தில், கிடங்கில் நிஜமாக இருக்கிறது. அது பொய்யானால் என்ன ஆகும் என்பதற்கு 1963-ல் அமெரிக்காவில் நடந்த சமையல் எண்ணெய் மோசடி பாடம். நியூஜெர்சியின் பயோன் நகரில் டினோ டி ஆஞ்சலிஸ் என்பவரின் நிறுவனம் பெரிய தொட்டிகளில் சோயா எண்ணெய் வைத்திருப்பதாகக் காட்டி, அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் துணைக் கிடங்கு நிறுவனம் கொடுத்த ரசீதுகளை ஈடு வைத்துக் கடன் வாங்கியது. சோதிக்க வந்தவர்கள் தொட்டியின் மேல் வாய் வழியாகப் பார்த்தார்கள். எண்ணெய் தெரிந்தது. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் அல்லவா. அடியில் பெரும்பகுதி தண்ணீர். விஷயம் வெளியானபோது கடன் கொடுத்தவர்கள் பத்து கோடி டாலருக்கு மேல் இழந்தார்கள். 2014-ல் சீனாவின் சிங்டாவ் துறைமுகத்தில் வேறொரு வகை: உலோகம் இருந்தது, ஆனால் ஒரே சரக்கின் பேரில் பல ரசீதுகள் எழுதிப் பல இடங்களில் கடன் வாங்கப்பட்டிருந்தது.

அவை வங்கிகளின் பணம், நமக்கென்ன என்று கேட்கலாம். கிடங்குக்காரர் ஓடிப்போனால் விவசாயியின் நிலை இன்னும் மோசம். சரக்கும் இல்லை, கடன் மட்டும் பேரில் நிற்கும். ஆகவே சில விஷயங்களை நீங்களே பார்க்க வேண்டும். கிடங்கு நடத்துபவரே அந்தத் தானியத்தை வாங்கி விற்கும் வியாபாரியா? அப்படியானால் உங்கள் சரக்கை அவர் நடுவில் விற்றுவிட்டு, விலை குறையும்போது வாங்கி நிரப்பிக்கொள்ளலாம் என்ற ஆசை எப்போதும் இருக்கும். பதிவு எண்ணை அந்த நாட்டின் கிடங்குப் பதிவேட்டில் சரிபாருங்கள். காப்பீட்டுப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். தீயும் வெள்ளமும் திருட்டும் மட்டும் இருந்தால் போதாது, கிடங்கு ஊழியரே கையாடினாலும் ஈடு கிடைக்கும்படி இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை நேரில் போய் அடுக்கு அட்டையில் உங்கள் எண் இருக்கிறதா என்று பாருங்கள். சில கிடங்குகளில் ஒரே தரத்துச் சரக்கை எல்லாம் கலந்து கொட்டுவார்கள்; அங்கே உங்கள் மூட்டையைத் தேடுவதில் அர்த்தமில்லை, தரமும் எடையும் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதிதான் உங்களுடையது.

நேரில் போகும்போது மூக்கையும் கையையும் பயன்படுத்துங்கள். அடுக்கின் இடுக்கில் கையை விட்டால் உள்ளே சூடாக இருந்தாலோ, புழுங்கல் வாடை அடித்தாலோ ஈரம் ஏறியிருக்கிறது, பூஞ்சை வரப்போகிறது. மக்காச்சோளத்தில் அந்தப் பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளடாக்சின் நச்சு, பிறகு எவ்வளவு காயவைத்தாலும் போகாது; தரம் பார்த்து வாங்குபவர்கள் அந்தச் சரக்கைத் தொடமாட்டார்கள். அடிவரிசை மூட்டையைச் சுற்றி மாவுபோல் பொடி உதிர்ந்திருந்தால் வண்டு உள்ளே வேலை செய்கிறது. மருந்து போட்டோம் என்று சொன்னால், எப்படிப் போட்டீர்கள் என்று கேளுங்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்துக் காற்றுப் புகாத தார்ப்பாயால் மூடிச் சுமார் ஒரு வாரம் திறக்காமல் விட்டிருக்க வேண்டும். சுற்றிலும் மணல் மூட்டை வைத்து ஓரத்தை அழுத்தாமல், இரண்டு நாளில் திறந்துவிட்டிருந்தால் மருந்துக் காசு வீண். முட்டையும் புழுவும் பிழைத்துக்கொள்ளும், அடுத்த மாதம் வண்டு திரும்ப வரும். மாத்திரையிலிருந்து கிளம்பும் காற்று மனிதருக்கும் கொடிய விஷம், மூடியிருக்கும்போது பக்கத்தில் போகக் கூடாது.

பத்து, இருபது மூட்டைதான் இருக்கிறது, பதிவுபெற்ற கிடங்கு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி என்றால் மேலே சொன்ன நுழைவுச் செலவே முழுங்கிவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜரில் வேரூன்றிய ஒரு முறை பார்க்கத்தக்கது. 1990-களின் இறுதியில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் திட்டம் ஒன்றின் வழியாக அங்கே பரவியது, வாரண்டாஜ் என்பார்கள். ஊரிலேயே ஒரு சின்னக் கிடங்கு, கதவில் இரண்டு பூட்டு. ஒரு சாவி விவசாயிகள் குழுவிடம், இன்னொன்று கடன் கொடுத்த நுண்கடன் நிறுவனத்திடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. கடனை எடுத்து விவசாயிகள் கோடைக் காய்கறி போட்டார்கள், ஆடு வாங்கிக் கொழுக்கவைத்து விற்றார்கள். கிடங்கில் வைத்த கம்பின் விலை ஏறாவிட்டாலும் அந்த வருமானத்திலிருந்து வட்டி வந்துவிட்டது. இந்த முறையில் எனக்குப் பிடித்தது அதுதான். விலையேற்றம் ஒன்றையே நம்பிக் கடன் எடுக்கவில்லை. ஆனால் சட்டப்படி கைமாற்றத்தக்க ரசீது அங்கே கிடையாது, வெளியூர் வியாபாரிக்கு அதை விற்க முடியாது; குழுவில் ஒழுக்கம் குலைந்தால் பூட்டு இரண்டும் சும்மா.

வெளியே வரும் நாளையும் உள்ளே போகும்போதே தீர்மானித்துவிடுங்கள். மூன்று ரசீதில் ஒன்றை மூன்றாம் மாதம், ஒன்றை ஐந்தாம் மாதம், ஒன்றைக் கடன் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பு என்று. அடுத்த அறுவடை சந்தைக்கு வரத் தொடங்கும் மாதத்தைத் தாண்டி எதையும் வைக்காதீர்கள். புதுச் சரக்கு கண்ணில் பட்டதும் பழைய சரக்கின் விலை ஒரே வாரத்தில் சரியும், ஆறு மாதம் காத்த பொறுமையும் அதோடு போகும். ரசீதில் போட்ட தரக் கெடுவும் அந்தத் தேதிக்குள்தான் இருக்கும். கெடு முடிந்தால் கிடங்குக்காரர் மறுபரிசோதனை கேட்கலாம், தரம் இறங்கினால் கடன் வரம்பும் இறங்கும்.

விற்கும்போது வாங்குபவர் பணத்தை உங்கள் கையில் தரமாட்டார், நேராகக் கடன் கணக்கில் கட்டுவார். வங்கி தன் பாக்கியை எடுத்துக்கொண்டு மீதியை உங்கள் கணக்கில் போட்டுவிட்டு, ரசீதின் மேலிருந்த உரிமைக் குறிப்பை நீக்கும். அந்தக் கடிதம் கிடங்குக்குப் போனபிறகுதான் சரக்கு வெளியே வரும். இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஆகவே வாங்குபவரிடம் விலை பேசும்போதே, சரக்கு எடுக்கும் தேதி உரிமை நீங்கிய நாளிலிருந்து எண்ணப்படும் என்று எழுதிக்கொள்ளுங்கள். வாடகை பாக்கி இருந்தால் கிடங்குக்காரர் சரக்கைப் பிடித்துவைக்கச் சட்டமே இடம் தரும். விற்பதற்கு முந்தின வாரமே அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். சரக்கு வெளியேறும் நாளில் நீங்களோ வீட்டில் ஒருவரோ எடைமேடைப் பக்கத்தில் நில்லுங்கள். உள்ளே போன எடைக்கும் வெளியே வந்த எடைக்கும் உள்ள வித்தியாசம் ஒப்பந்தத்தில் சொன்ன கழிவைவிட அதிகமாக இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்தில் குறிக்கச் சொல்லுங்கள். போட்ட பிறகு கேட்டால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.